ஒரே முகம், பல கோணம்: கதாபாத்திரத் தாளில் ஆள் மாறிப்போகும்போது என்ன செய்வது

கையில் இருப்பது ஒரே ஒரு முகப்படம். அதை வைத்து முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, முதுகுப்பக்கம், நாலைந்து உணர்ச்சிகள் என்று ஒரு முழுத் தாள் வேண்டும். படம் உருவாக்கும் மாடலிடம் கொடுத்தால் அழகான தாள் வருகிறது. ஆனால் அதில் நிற்பவர்கள் அக்கா தங்கைகள் மாதிரி இருக்கிறார்கள், ஒரே ஆள் மாதிரி இல்லை.

இந்தக் குறிப்பில் நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: வேலைப் பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்துப் படம் எடுக்கும் கம்ஃபி யூஐ, ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் வகை மாடல் ஒன்று, முகத்தைப் பிடித்துவைக்க ஐபி-அடாப்டர் ஃபேஸ்ஐடி (`FACEID PLUS V2`), நிற்கும் நிலைக்கு ஓப்பன்போஸ் கன்ட்ரோல்நெட், கடைசியில் முகத்தைத் திருத்த `FaceDetailer`. வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கும் அறிகுறிகள் ஏறக்குறைய இவைதான், திருகு இருக்கும் இடம் மட்டும் மாறும்.

எடுத்துக்காட்டுக்கு என் காமிக்ஸில் வரும் நிலா. 35 வயது, படகு எஞ்சின் பழுது பார்ப்பவள். மூக்குத்தண்டில் சின்ன மேடு, இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம், காதளவு வெட்டிய முடி. ஆதாரப்படம் நேர்முகம், 1024 × 1024.

“கிட்டத்தில் நிலா, முழு உருவத்தில் யாரோ”

முதலில் இதைப் பார்த்துவிடலாம். பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம் இதுதான், காரணமும் கணக்கிலேயே இருக்கிறது.

1024 அகலத் தாளில் நான்கு முழு உருவங்களை நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். ஓர் உருவம் சுமார் 900 பிக்சல் உயரம். தலை அதில் ஏழரையில் ஒரு பங்கு, அதாவது 120 பிக்சல். முகத்தின் அகலம் 80 இருந்தால் அதிகம். ஆனால் மாடல் பிக்சலில் வரைவதில்லை. படத்தை ஒவ்வொரு பக்கமும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய வடிவில்தான் வேலை செய்கிறது. ஆக, நிலாவின் முகம் மொத்தமும் பத்துக் கட்டம் அகலத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஒரு கண்ணுக்கு இரண்டு கட்டம். அதற்குள் மூக்குமேட்டை எங்கே வைப்பது? ஃபேஸ்ஐடி எடையை எவ்வளவு ஏற்றினாலும் பயன் இல்லை, எழுத இடமே இல்லாத தாளில் பேனாவை அழுத்துவது மாதிரிதான் அது.

அதனால் முழு உருவத் தாளில் முகத்தை எதிர்பார்க்காதீர்கள். அந்தக் கட்டத்தில் உடல், உடை, உயரம் மட்டும் சரியாக இருந்தால் போதும். நான்கு உருவங்களையும் ஒரே படத்தில் வரைவதிலும் ஒரு லாபம் உண்டு: ஒரே படத்துக்குள் இருக்கும் பகுதிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே உருவாகின்றன. அதனால் சட்டைப் பை, காலணி நிறம் போன்றவை தனித்தனியாக வரைந்ததைவிட நன்றாக ஒத்துப்போகும். பிறகு படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி, முகங்களுக்கு `FaceDetailer` ஓட்டுங்கள். அது முகத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, மறுபடி வரைந்து, பழைய இடத்தில் ஒட்டும்.

இங்கேதான் இரண்டாவது சறுக்கல். `FaceDetailer` ஓட்டிய பிறகும் முகம் பொதுவான அழகி முகமாகவே வருகிறதா? அதன் `model` நுழைவாயிலில் எந்தக் கம்பி போகிறது என்று பாருங்கள். பத்தில் ஏழு தடவை மூல மாடலிலிருந்து நேரே இழுத்திருப்போம். நானும் ஒரு முழு மாலையை இதில் தொலைத்திருக்கிறேன். ஃபேஸ்ஐடி வழியாக வெளிவரும் மாடல் கம்பிதான் அங்கே போக வேண்டும். இல்லாவிட்டால் திருத்துபவருக்கு நிலா யாரென்றே தெரியாது.

கம்பி சரி, ஆனால் பக்கவாட்டு உருவத்தின் முகம் நம்மைப் பார்த்துத் திரும்பிவிடுகிறதா? மாடலுக்கு எழுதிக்கொடுக்கும் விவரிப்பு எல்லா முகத்துக்கும் ஒன்றாகவே போகிறது, இருப்பதை எவ்வளவு மாற்றி வரையலாம் என்று சொல்லும் `denoise` அதிகமாக இருக்கிறது. 0.5-இல் இருந்தால் 0.35 வரை இறக்குங்கள். அப்படியும் திரும்பினால் தாளை நான்காக வெட்டி, ஒவ்வொரு கோணத்துக்கும் அதற்குரிய விவரிப்போடு தனியாக ஓட்டுவதே மேல். நேரம் கூடும், தலைவலி குறையும்.

“பக்கவாட்டில் திரும்பினால் வேறு ஆள்”

இதில் மாடலை மட்டும் குறை சொல்ல முடியாது. நேர்முகப் படத்தில் மூக்கு எவ்வளவு முன்னால் நீட்டியிருக்கிறது, நெற்றி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, தாடை உள்வாங்கியிருக்கிறதா என்ற தகவலே இல்லை. நிழலை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். படம் எந்தத் தற்செயல் புள்ளிகளிலிருந்து தொடங்கும் என்று சொல்லும் எண்தான் `seed`, அது மாறும் ஒவ்வொரு முறையும் மாடல் புதிதாக ஊகிக்கிறது. ஆகவே இங்கே செய்ய வேண்டியது மாடலைச் சரியாக ஊகிக்க வைப்பது அல்ல. ஊகத்தை நாம் ஒரே ஒரு முறை முடிவு செய்து பூட்டிவிடுவது.

இன்னொரு சிக்கல்: ஃபேஸ்ஐடி எடை அதிகமாக இருந்தால் தலை முழுதாகத் திரும்பவே திரும்பாது. பக்கவாட்டு கேட்டால் இரண்டு கண்ணும் தெரியும் முக்கால் பக்கம் வரும். ஆதாரம் நேர்முகம் என்பதால் அது நேர்முகத்தை நோக்கியே இழுக்கிறது. எடையை 0.5 அளவுக்குக் குறைத்து, ஃபேஸ்ஐடி எந்தக் கட்டத்தில் விலக வேண்டும் என்று சொல்லும் `end_at`-ஐ 0.7-க்குக் கொண்டுவந்தால் கழுத்து இளகும்.

நிலாவுக்கு நான் செய்தது இப்படி. அந்தக் குறைந்த எடையில் பக்கவாட்டுப் படங்கள் இருபது எடுத்தேன். எல்லாமே ஏதோ ஒருவிதத்தில் நிலா மாதிரி இருந்தன, அதுதான் தொல்லை. கண்ணால் பார்த்துத் தேர்வு செய்தால் அழகான படம்தான் ஜெயிக்கும். அதற்குப் பதிலாக, ஓவியர்கள் தாள் வரையும்போது போடும் கிடைக்கோடுகளைப் போட்டேன். தலை மேலோ கீழோ சாயாத வரை, முகத்தைப் பக்கவாட்டில் எவ்வளவு திருப்பினாலும் உயர அளவுகள் மாறாது. புருவம், மூக்கடி, தாடை மூன்றும் எல்லாக் கோணத்திலும் அதே கோட்டில்தான் நிற்க வேண்டும்.

ஆதாரப்படத்தில் புருவக் கோடு மேலிருந்து 310-ஆவது பிக்சலில், மூக்கடி 500-இல், தாடை 690-இல். அதாவது புருவத்திலிருந்து மூக்கடி 190, மூக்கடியிலிருந்து தாடை 190. இரண்டும் சமம். எனக்கு மிகவும் பிடித்திருந்த பக்கவாட்டுப் படத்தை, புருவமும் மூக்கடியும் பொருந்தும்படி அளவு மாற்றி அருகில் வைத்தேன். தாடை 650-இல் முடிந்துவிட்டது. கீழ்முகம் 40 பிக்சல் குட்டை. “நிலாதான், ஆனால் ஏனோ கல்லூரிப் பெண் மாதிரி இருக்கிறாள்” என்று தோன்றியதற்கு விடை அந்த 40 பிக்சல். இருபதில் மூன்றுதான் மூன்று கோடுகளுக்கும் பத்துப் பிக்சல் வித்தியாசத்துக்குள் நின்றன.

அந்த மூன்றையும் முழுக் கறுப்பாக நிரப்பி, வெளிக்கோட்டை மட்டும் பார்த்து ஒன்றை எடுத்தேன். மூக்குமேடு அதில் இல்லை. படத்திருத்தியில் தோல் நிறத் தூரிகையால் இரண்டு தீற்று போட்டு மேட்டை வரைந்து, மூக்குப் பகுதியை மட்டும் மறைப்பு போட்டு, 0.3 `denoise`-இல் மறுபடி ஓட்டினேன். தூரிகைத் தடம் மறைந்து மேடு மட்டும் நின்றது. அன்றிலிருந்து நிலாவின் பக்கவாட்டு அதுதான். விவாதம் முடிந்தது.

பிறகு வரும் பக்கவாட்டுக் காட்சிகளுக்கெல்லாம் ஆதாரமாக அந்தப் படத்தையே கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஃபேஸ்ஐடி முகத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் இன்சைட்ஃபேஸ், முழுப் பக்கவாட்டில் பலமுறை முகமே இல்லை என்று சொல்லிவிடும். அந்த இடத்தில் `PLUS FACE (portraits)` அமைப்புக்கு மாறுங்கள். அது முகத்தைத் தேடாது, கொடுத்த படத்தை அப்படியே பார்க்கும். ஆனால் படத்தைச் சதுரமாக, முகம் நிறையும்படி வெட்டிக் கொடுக்க வேண்டும். காலர், பின்னணி எல்லாம் உள்ளே இருந்தால் அவையும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

“ஒவ்வொன்றும் முந்தையதைப் போல, கடைசி மட்டும் முதலாவதைப் போல இல்லை”

நேர்முகத்திலிருந்து முக்கால் பக்கம், அதிலிருந்து பக்கவாட்டு, அதிலிருந்து சிரிக்கும் பக்கவாட்டு என்று சங்கிலியாகப் போனால் நடப்பது இது. ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் நழுவும், நழுவியதே அடுத்ததற்கு ஆதாரமாகும். சங்கிலி போடாதீர்கள். பூட்டிய படங்கள் மூன்று போதும்: நேர், முக்கால், பக்கவாட்டு. மற்ற எல்லாம் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து நேராக வர வேண்டும்.

நழுவலை எண்ணாகப் பார்க்க விரும்பினால் இது போதும்:

```python
import cv2
from insightface.app import FaceAnalysis

app = FaceAnalysis(name="buffalo_l")
app.prepare(ctx_id=0, det_size=(640, 640))

def emb(path):
    return app.get(cv2.imread(path))[0].normed_embedding

print(emb("ref.png") @ emb("test.png"))
```

ஒன்றுக்கு அருகில் வந்தால் ஒத்த முகம், கீழே போகப் போக விலகல். ஆனால் இந்த எண்ணை மிதமாகவே நம்புங்கள். ஒரே ஆளின் நேர்முகத்தையும் பக்கவாட்டையும் ஒப்பிட்டாலே எண் இறங்கும். எனவே ஒரே கோணப் படங்களை மட்டும் தங்களுக்குள் ஒப்பிடுங்கள். தவிர, ஃபேஸ்ஐடி முகத்தைப் படிப்பதும் இதே இன்சைட்ஃபேஸ் வழியாகத்தான். கேள்வித்தாள் எழுதியவரே விடைத்தாளையும் திருத்துகிறார் என்பது மாதிரி, எடையை ஏற்ற ஏற்ற எண் உயரும். கண்ணுக்கு அந்தப் படம் மெழுகுப்பொம்மையாகத் தெரியலாம். தொகுப்பில் எந்தப் படம் மட்டும் தனியாகச் சரிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இந்த எண் உதவும். அதற்கு மேல் தீர்ப்பு கிடைக்கோடுகளுடையது.

“முதுகுப்பக்கத்தில் முகம் முளைக்கிறது”

ஓப்பன்போஸ் எலும்புக்கூட்டைத் திறந்து பாருங்கள். முன்பக்கத்துக்குப் போட்டதையே நகலெடுத்திருந்தால் மூக்குப் புள்ளியும் இரு கண் புள்ளிகளும் இன்னும் அங்கேயே இருக்கும். மாடலைப் பொறுத்தவரை அது நம்மைப் பார்க்கும் ஆள். அந்த மூன்றையும் நீக்குங்கள், காதுப் புள்ளிகள் இருக்கட்டும். பக்கவாட்டுக்கு மறைந்திருக்கும் கண்ணையும் காதையும் நீக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. எலும்புகளின் நிறம் இடம் வலம் சொல்கிறது. வலது கைக்கு ஆரஞ்சு, மஞ்சள் சாயல், இடது கைக்குப் பச்சைச் சாயல். முன்பக்கத்தில் அவளுடைய வலது கை படத்தின் இடப்புறம் இருக்கும், முதுகுப்பக்கத்தில் படத்தின் வலப்புறம். நிறங்களைத் தலைகீழாக்காமல் விட்டால் மாடல் குழம்பி, முதுகில் சட்டைப் பொத்தான் வைக்கும். பின்பக்க உருவத்துக்கு ஃபேஸ்ஐடியும் வேண்டாம். முகமே தெரியாத இடத்தில் முகத்தை வற்புறுத்துகிறோம், அது எங்காவது வெளியே வரத்தானே செய்யும்.

“மச்சம் ஒரு கன்னத்தில் நிற்பதில்லை”

இன்சைட்ஃபேஸ் அடையாளம் எடுக்க முகத்தை 112 × 112 பிக்சலாகச் சுருக்குகிறது. நிலாவின் மச்சம் அதில் ஒரு பிக்சலோ இரண்டோ. அடையாள எண்களில் அது தங்குவதே இல்லை. விவரிப்பில் இடது என்று எழுதினால்? மாடலுக்கு இடது வலது சரியாகப் பிடிபடாது, அவளுடைய இடதா பார்ப்பவரின் இடதா என்று நமக்கே குழப்பம்.

இதற்கு நான் முட்டி மோதிய பிறகு கண்ட வழி, மச்சத்தை மாடலிடமிருந்து பிடுங்கிவிடுவது. ஆதாரப்படத்தில் மச்சத்தை அழித்துவிடுங்கள். தாள் முழுதும் மச்சமில்லாமல் முடித்து, கடைசியில் தனி அடுக்கில் நீங்களே வையுங்கள். தழும்பு, பச்சைகுத்து, ஒற்றைக் காது வளையம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வேலை பாதி மிச்சம் என்று வலது பக்கவாட்டைக் கண்ணாடிபோல் திருப்பி இடது பக்கவாட்டு ஆக்குவதாக இருந்தால், மச்சம் வைப்பதற்கு முன்னால் திருப்புங்கள். முடி வகிடும் சேர்ந்தே திரும்பும், அதைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும்.

“கோபப்படச் சொன்னாலும் சிரிக்கிறாள்”

ஆதாரப்படத்தில் சிரிப்பு இருந்தால் அது முகத்தின் வடிவமாகவே பதிந்துவிடும். முதலில் உணர்ச்சியில்லாத, வாய் மூடிய ஆதாரம் ஒன்றைத் தயார் செய்யுங்கள். அப்புறம் `weight_faceidv2` என்ற எண்ணைக் குறையுங்கள். முகத்தின் தோற்ற அமைப்பைச் சுமந்து வருவது அந்தப் பகுதிதான், சிரிப்பும் அதன் வழியே வருகிறது. அடுத்து, ஃபேஸ்ஐடி எந்தக் கட்டத்தில் வேலையைத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் `start_at`-ஐ 0.2 அளவுக்கு வையுங்கள். வாய் திறந்திருக்கிறதா, புருவம் நெறிந்திருக்கிறதா என்ற பெரிய வடிவங்கள் முதல் சில படிகளிலேயே முடிவாகிவிடும். அந்த நேரத்தில் ஃபேஸ்ஐடி வாயை மூடிக்கொண்டு இருந்தால் கோபம் உருவாகும், பிறகு நிலா வந்து அதில் உட்காருவாள்.

கூச்சலிடும் வாய் போன்ற கடைக்கோடி உணர்ச்சிகளுக்கு இதுவும் போதாது. வாய் திறந்தால் தாடை இறங்கும், முகத்தின் நீளம் மாறும். ஃபேஸ்ஐடி அதை ஆள் மாறியதாக எடுத்துக்கொண்டு திருத்தப் பார்க்கும். அந்த ஒரு படத்தைக் கையால் தோராயமாக வரைந்து, அதன் மேல் 0.5 `denoise`-இல் ஓட்டுவதுதான் என் வழக்கம்.

“No face detected என்று நின்றுவிடுகிறது”

முகத்தை மிக நெருக்கி வெட்டியிருப்பீர்கள். முகம் சட்டத்தை முழுதாக அடைத்துக்கொண்டால் கண்டுபிடிப்பான் தடுமாறும். சுற்றிலும் வெறும் சாம்பல் ஓரம் சேர்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் வரவில்லை, ஆதாரம் கோட்டுச்சித்திரம் என்றால், குற்றம் படத்தில் இல்லை. இன்சைட்ஃபேஸ் உண்மையான மனித முகங்களில் பழகியது. பெரிய கண், புள்ளி மூக்கு முகத்துக்கு ஃபேஸ்ஐடியை விட்டுவிட்டு `PLUS FACE (portraits)` போதும்.

கண்டுகொள்ளாமல் போகிற ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: இன்சைட்ஃபேஸ் தயாரித்துக் கொடுக்கும் மாடல் கோப்புகள் வணிகமல்லாத ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற உரிமத்தில் வருகின்றன. விற்கப்போகும் காமிக்ஸ் என்றால் இதைத் தாள் போடும் முன்பே யோசியுங்கள். ஆதாரமுகம் உயிரோடு இருக்கும் ஒருவருடையது என்றால் அவருடைய சம்மதம் அதற்கும் முன்னால்.

“தாளை வைத்து லோரா பயிற்றினேன், எந்தக் காட்சியிலும் மூன்று நிலா நிற்கிறார்கள்”

லோரா என்பது மூல மாடலுக்கு ஓர் ஆளைக் கற்றுக்கொடுக்கும் சின்ன இணைப்புக் கோப்பு. அதற்குத் தாளை முழுதாகவே பயிற்சிக்குக் கொடுத்திருப்பீர்கள். மாடல் கற்றுக்கொண்டது நிலாவை அல்ல, வெள்ளைப் பின்னணியில் மூன்று பேர் வரிசையாக நிற்பதை. ஒவ்வொரு உருவத்தையும் தனியாக வெட்டுங்கள். முகம் மட்டும் உள்ளவை, இடுப்பு வரை உள்ளவை, முழு உருவங்கள் என்று கலந்து 20 முதல் 25 படங்கள் இருந்தால் தொடங்கலாம். பாதிப் படங்களுக்கு வெவ்வேறு பின்னணி ஒட்டுங்கள். மீதி வெள்ளையாகவே இருந்தால் படத்தோடு வைக்கும் குறிப்புக் கோப்பில் `white background` என்று எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டது எல்லாம் நிலாவின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் முகத்தைப் பற்றி எழுதக்கூடாது, உடையையும் பின்னணியையும் உணர்ச்சியையும் எழுத வேண்டும்.

பயிற்சியில் `--flip_aug` போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது பயிற்சிப் படங்களைக் கண்ணாடிபோல் திருப்பியும் காட்டும். நிலாவின் வகிடு ஒரு பக்கம் நிற்காமல் நடுவுக்கு வந்துவிட்டதைப் பார்த்துத்தான் அதை நான் கண்டுபிடித்தேன்.